"அஞ்சைப் போட்டுப் பாருங்க சேர்"

சென்ற சனிக்கிழமை நோர்வூட்டில் எங்கள் உயர்தர வகுப்பில் நடந்த ஒன்றை எழுதுகிறோம். எங்களிடம் முன்பு இணைந்த கணிதம் படித்த பிள்ளைகள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு நாங்கள் தந்த குறிப்பு ஒன்றில் பிழை இருந்திருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

அன்று கரும்பலகையில் எழுதிய கணக்கு இது: x² − 2mx + m + 6 = 0 என்ற சமன்பாட்டின் இரு மூலங்களும் 2-ஐ விடப் பெரியவை. m எடுக்கக்கூடிய பெறுமானங்கள் எவை?

எங்கள் குறிப்பில் இருந்த வழி சுருக்கமானது. மூலங்கள் மெய்யாக இருக்க வேண்டும். இரண்டும் 2-ஐ விடப் பெரியவை என்பதால் கூட்டுத்தொகை 4-ஐ விடப் பெரிது, பெருக்கமும் 4-ஐ விடப் பெரிது. கூட்டுத்தொகை 2m, ஆகவே m > 2. பெருக்கம் m + 6, ஆகவே m > −2. மெய் மூலங்களுக்கு m² − m − 6 ≥ 0, அதாவது m ≤ −2 அல்லது m ≥ 3. மூன்றையும் சேர்த்தால் m ≥ 3. வகுப்பில் எல்லோரும் இதையே எழுதினார்கள். நாங்களும் சரி போட்டுவிட்டோம்.

பின் வாங்கிலிருந்த பிள்ளை ஒருத்தி மட்டும் கொப்பியை மூடவில்லை. "சேர், m-க்கு அஞ்சைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டோம். x² − 10x + 11 = 0. மூலங்கள் 5 ± √14, அதாவது ஏறத்தாழ 8.74, 1.26. கூட்டுத்தொகை 10, பெருக்கம் 11, இரண்டும் 4-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் ஒரு மூலம் 2-க்குக் கீழே நிற்கிறது! பெரிய மூலம் தன் பருமனால் சின்னதன் குறையை மூடிவிட்டது.

இந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். "இரு மூலங்களும் நேர்" என்ற கணக்குக்கு இந்த வழி சரியானது. மெய் மூலங்கள் இரண்டின் கூட்டுத்தொகையும் பெருக்கமும் நேர் என்றால் இரண்டும் நேராகத்தான் இருக்க முடியும். பூச்சியத்துக்குச் சரியாக இருந்ததை யோசிக்காமல் 2-க்கு நீட்டிவிட்டோம். இரண்டும் 2-ஐ விடப் பெரியவை என்றால் கூட்டுத்தொகையும் பெருக்கமும் 4-ஐ விடப் பெரியவை என்பது உண்மை. அதன் மறுதலை உண்மையல்ல.

அடுத்த வகுப்பில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை வைத்து விளங்கப்படுத்தினோம். x²-இன் குணகம் நேராக இருந்தால் வரைபு ஒரு பள்ளத்தாக்கு. x அச்சுதான் தண்ணீர் மட்டம். இரு மூலங்களும் தண்ணீர் தொடுகிற இரு கரைகள். நாங்கள் 2 என்ற இடத்தில் நிற்கிறோம். இரு கரைகளும் எங்களுக்கு வலப்பக்கம்தான் இருக்கின்றன என்று எப்படி உறுதிப்படுத்துவது?

மூன்று கேள்வி போதும். பள்ளத்தாக்கில் தண்ணீர் இருக்கிறதா? நாங்கள் நிற்கும் இடம் காய்ந்த தரையா? ஆக ஆழமான இடம் எங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறதா?

முதலாவது தன்மைகாட்டி, b² − 4ac ≥ 0. இரண்டாவது குறி, f(2) > 0. மூன்றாவது திரும்பற் புள்ளி, −b/2a > 2. மூன்றில் எதை விட்டாலும் கணக்கு ஏமாற்றும். அதற்கு ஒரே ஒரு சமன்பாடு போதும்: x² − 10x + 21 = 0. இதன் மூலங்கள் 3, 7. ஆக ஆழமான இடம் 5.

2-இல் நின்றால் f(2) = 5. காய்ந்த தரை, ஆழம் வலப்பக்கம், இரு மூலங்களும் 2-ஐ விடப் பெரியவை. 4-இல் நின்றால் ஆழம் இன்னும் வலப்பக்கம்தான், ஆனால் f(4) = −3. தண்ணீருக்குள் நிற்கிறோம், ஒரு கரை பின்னால் போய்விட்டது. 8-இல் நின்றால் f(8) = 5, மறுபடி காய்ந்த தரை. ஆனால் ஆழமான இடம் பின்னால், இரு கரைகளும் பின்னால். இனி 21-ஐ 26 ஆக்குங்கள். 2-இல் காய்ந்த தரை, ஆழமும் வலப்பக்கம், ஆனால் 100 − 104 மறை. தண்ணீரே இல்லை, கரைக்கு எங்கே போவது?

இந்த 21 நாங்கள் சும்மா எடுத்த எண் அல்ல. ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி தன் அல்ஜப்ர் நூலில் செய்து காட்டிய கணக்கு இது. ஒரு வர்க்கமும் 21-உம் சேர்ந்தால் பத்து மூலங்களுக்குச் சமம் என்று அமைத்து, பத்தின் பாதி 5, அதன் வர்க்கம் 25, அதில் 21 போக 4, அதன் மூலம் 2, ஆகவே 3 அல்லது 7 என்று முடித்தார். பாதியின் வர்க்கம் அந்த எண்ணை விடக் குறைந்தால் தீர்வு இல்லை என்றும், சமமானால் விடை அந்தப் பாதியே என்றும் சொன்னார். அவர் நேர் விடைகளை மட்டுமே ஏற்றவர், குணகங்களையும் நேராகவே வைத்தார். ஆகவே இந்த வகையில் பூச்சியத்தில் f(0) = 21 நேர், ஆழமான இடம் 5 நேர் என்ற இரண்டும் தாமாகவே நிறைவேறிவிட்டன. அவர் பார்க்க வேண்டியிருந்தது தன்மைகாட்டி ஒன்றை மட்டுமே. பூச்சியத்தில் நிற்கிறவருக்கு அது போதும். 2-இல் நிற்கிற எங்களுக்குப் போதாது.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். தன்மைகாட்டி முன்போலவே m ≤ −2 அல்லது m ≥ 3. திரும்பற் புள்ளி x = m-இல் இருக்கிறது, ஆகவே m > 2. இவை இரண்டும் பழைய குறிப்பிலும் கிடைத்தவைதான். புதியது குறி: f(2) = 4 − 4m + m + 6 = 10 − 3m. இது நேராக இருக்க m < 10/3. விடை 3 ≤ m < 10/3.

எல்லைகளைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். m = 3 என்றால் இரு மூலங்களும் 3. "வேறுவேறான மூலங்கள்" என்று வினாவில் இருந்தால் மட்டும் இதை நீக்க வேண்டும். m = 10/3 என்றால் மூலங்கள் 2, 14/3. ஒன்று சரியாக 2-இல் விழுவதால் அது சேராது. முடிவில்லாமல் நீண்டிருந்த எங்கள் பழைய விடை மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

கூட்டல், பெருக்கல் வழியை விரும்புகிறவர்கள் விட வேண்டியதில்லை. மூலங்களுக்குப் பதிலாக α − 2, β − 2 என்ற வித்தியாசங்களை எடுங்கள். அவற்றின் கூட்டுத்தொகையும் பெருக்கமும் நேராக இருக்க வேண்டும். (α − 2)(β − 2)-ஐ விரித்தால் அதே 10 − 3m வரும்.

ஒன்று மட்டும் கவனம். x²-இன் குணகம் மறையானால் வரைபு பள்ளத்தாக்கு அல்ல, மலை. −x² + 10x − 21-க்கு மூலங்கள் அதே 3, 7, ஆனால் f(2) = −5. அதனால் பொதுவாக a·f(2) > 0 என்று எழுதுங்கள். குணகத்திலேயே m இருந்தால் அதன் குறி தெரியாது, அப்போது இந்தப் பெருக்கல்தான் காப்பாற்றும்.

பழைய கொப்பியை வைத்திருக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைக் கோடிட்டு வெட்டிவிடுங்கள். தம்பி தங்கைக்குக் கொடுத்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். இந்த விடையோடு பரீட்சைக்குப் போனவர்கள் எங்களை மன்னியுங்கள். பின் வாங்குப் பிள்ளை இப்போது முன் வாங்கில் இருக்கிறாள். விடை வந்ததும் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கும் வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறோம்.