மடிப்பில் மறைந்த சொல்

பழைய கடிதத்தைக் கையில் வைத்துப் படிப்பது ஒன்று. அதன் போட்டோவைப் படிப்பது வேறு. இரண்டாவது வேலை சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது.

எங்கள் ஊர் வானூர்ப் பக்கம். தாத்தா மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். பாண்டிச்சேரி மில்லில் வேலை பார்த்த தன் தம்பிக்கு அவர் எழுதிய இன்லேண்ட் கடிதம் ஒன்று, இப்போது பிரான்சில் இருக்கும் அந்தத் தம்பியின் பேத்தியிடம் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "அண்ணா, இதை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள்.

முதலில் போட்டோவையே திரும்பக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால்தான் எழுத்தின் ஓரம் தெளிவாக இருக்கும். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஓரம் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் எடு, பின்பக்கத்தையும் எடு என்றேன். பின்பக்க மை ஊறி இந்தப் பக்கம் தெரிந்தால், அதைப் புள்ளி என்றோ கால் என்றோ நினைத்துவிடுவோம்.

பிறகு ஒரு நோட்டில், கடிதத்தின் ஒரு வரிக்கு ஒரு வரி என்று அப்படியே பெயர்த்து எழுதினேன். பிழையைத் திருத்தக்கூடாது, பிரிக்கக்கூடாது, மொழிபெயர்ப்பை நினைக்கவே கூடாது. அர்த்தம் முன்னால் வந்துவிட்டால் கண் அதற்குத் தோதாகத்தான் படிக்கும்.

தாத்தா மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே இல்லை. அவருடைய காலும் 'ர'வும் ஒன்றேபோல இருக்கும். 'லை', 'னை' எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த எழுத்து. ஆகவே நிச்சயமாகத் தெரிந்த சொற்களிலிருந்து அவருடைய எழுத்துக்கு ஓர் அட்டவணை போட்டேன். எல்லாரும் ஒரேமாதிரி எழுதுகிற 'சேமம், சேமத்துக்கு எழுதவும்' போன்ற வரிகள் இதற்கு நல்ல உதவி.

தேதியில் முதல் சிக்கல். '…விளம்பி ௵ ஆடி ௴ 12 ௳ திங்கள்' என்று இருந்தது. (அந்த மூன்று குறிகளும் வருஷம், மாதம், தேதி.) முன்னால் ஓரம் கிழிந்திருந்தது. அங்கே 'ஏ' இருந்திருந்தால் ஏவிளம்பி, 1957; இல்லாவிட்டால் விளம்பி, 1958. தபால் முத்திரையும் மங்கிவிட்டது. கிழமை காப்பாற்றியது. ஆடி 12 என்பது ஜூலை 27 அல்லது 28. 1957-ல் அவை சனியும் ஞாயிறும். 1958-ல்தான் ஜூலை 28 திங்கள். ஆக, ஆண்டு 1958, சந்தேகமில்லை.

எல்லாச் சந்தேகமும் இப்படித் தீருமா? தீராது. நடு மடிப்பில் இருந்த வரி இது: 'தெற்கு பாத்தி ரெண்டும் வி… ரூபாய் 150 வந்தது.' 'வி'க்குப் பிறகு மடிப்பில் காகிதம் தேய்ந்து, கடைசி எழுத்தின் ஒரு துணுக்கு மட்டும் நிற்கிறது. அது 'விற்று'வா, 'விட்டு'வா? அவருடைய 'ற'வுக்கு வரிக்குக் கீழே வால் உண்டு, 'ட'வுக்குக் கிடையாது. ஆனால் அந்த வால் இருக்கவேண்டிய இடம்தான் போய்விட்டது. இடத்தின் அகலம் இரண்டுக்கும் பொருந்துகிறது. பணம் வந்ததே என்று விற்பனையாகவும் கொள்ள முடியாது. குத்தகைக்கு விட்டாலும் பணம் வரும்.

இதில் இரண்டு குடும்பத்துக்கும் அக்கறை உண்டு. அந்த இரண்டு பாத்தி யாருடையது என்ற பேச்சு எங்கள் வீட்டில் பழையது. "விற்றுன்னே போட்டுடுப்பா" என்றார் பெரியப்பா. பிரான்சிலிருந்து தங்கை, "விட்டுன்னுதானே இருக்கு?" என்றாள்.

பெயர்ப்பில் 'வி[..]' என்று எழுதினேன், போன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கல்வெட்டு படிக்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். 1931-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் வகுத்த முறையில், அழிந்த இடத்துக்குச் சதுர அடைப்பும், ஐயமான எழுத்தின் கீழே புள்ளியும் போடுவார்கள். நம் டிராயிங் வகுப்பில் மறைந்த விளிம்பை விட்டுவிட்டு வரைவதில்லை, முழுக்கோடாகவும் போடுவதில்லை. விட்டுவிட்டு வரும் கோடு போடுகிறோமே, அதுபோலத்தான்.

ஆங்கிலத்திலும் அந்தக் குறி போய்ச் சேரவேண்டும். பெயர்ப்பில் சந்தேகம் வைத்துவிட்டு மொழிபெயர்ப்பில் ஒரே சொல்லைப் போட்டால், படிக்கிறவருக்குச் சந்தேகம் இருந்ததே தெரியாது. எனவே 'விற்று' என்றும் 'குத்தகைக்கு விட்டு' என்றும் பொருள்படும் இரு சொற்களையும் அடைப்புக்குள் கேள்விக்குறியோடு போட்டேன். அடிக்குறிப்பில் காரணத்தையும், எந்த வரி, எந்த மடிப்பு என்பதையும் சொன்னேன். 'ஏ' இல்லை என்ற முடிவுக்கும் கிழமைக் கணக்கைக் குறித்தேன்; அதை வேறொருவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடிதம் சொல்லாததைப் பத்திரம் சொல்லலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்படி இருவருக்கும் எழுதினேன். அதுவரை அந்த இரண்டு பாத்தியும் அடைப்புக்குள்ளேயே கிடக்கும்.