ஆவி வந்த பிறகுதான் வெயிட்

புனேயில் நான் ஆய்வு செய்யும் ஆய்வகத்தில், சென்ற மழைக்காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஒரே தொல்லை. எதையும் விதைக்காத தட்டுகளில் பயிர் முளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சோதனையின்போதும் ஒப்பீட்டுக்காகச் சில பெட்ரி தட்டுகளை வெறும் ஊடகத்துடன் வைப்பது வழக்கம். அவற்றில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் அன்றைய சோதனையின் எந்த எண்ணையும் நம்ப முடியாது. எங்கள் வெறும் தட்டுகளிலோ மறுநாளே சாம்பல் கலந்த வெண்ணிறத்தில், உலர்ந்து சுருங்கிய மேற்பரப்புடன் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருக்கும்.

முதலில் எல்லாரும் காற்றைப் பழித்தோம், பிறகு கைகளைப் பழித்தோம். ஊடகத்தைப் பழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அது ஆட்டோகிளேவில் 15 நிமிடம் வெந்தது. அழுத்தமானி 15 பவுண்டு காட்டியது. குடுவைமேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் முறைப்படி தோன்றியிருந்தன. ஆனால் அந்தத் திட்டு ஒன்றைத் தொட்டெடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது கோல் வடிவ பாக்டீரியாக்கள் தெரிந்தன. பல கோல்களுக்குள் ஒளிரும் நீள்வட்டப் புள்ளி ஒவ்வொன்று இருந்தது. அந்தப் புள்ளியைக் கண்டதும் சந்தேகம் ஆட்டோகிளேவின் பக்கம் திரும்பியது. ஏனெனில் அது எண்டோஸ்போர், அதாவது அகவித்து. அரைகுறை வெப்பத்தைத் தாங்கி மீளக்கூடியது அதுவே.

வித்து என்ற சொல் சற்றே ஏமாற்றக்கூடியது. செடியின் வித்து இனத்தைப் பெருக்குகிறது. பாக்டீரியாவின் அகவித்து பெருக்குவதில்லை. ஒரு செல்லிலிருந்து ஒரே ஒரு வித்துதான் உருவாகும். அது பஞ்ச காலத்துக்கான ஏற்பாடு. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் இனத்தில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. உணவு தீர்ந்ததும் செல் வழக்கம்போல நடுவில் பிளவுபடாமல், ஒரு முனைக்கு அருகில் குறுக்குச் சுவர் எழுப்புகிறது. சிறிய அறை, பெரிய அறை என இரண்டு அறைகள் உருவாகின்றன. சுவர் எழும்போது மரபுப்பொருளின் மூன்றில் ஒரு பங்குதான் சிறிய அறைக்குள் இருக்கும். எஞ்சியதைச் சுவரில் பொருந்திய ஒரு புரதப் பொறி உள்ளே இழுத்துவிடுகிறது. பிறகு பெரிய அறை சிறியதை விழுங்கி, தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அதற்கு உறைகளைச் செய்யத் தொடங்குகிறது. உள்ளே தடித்த புறணி, அதன்மேல் பல புரதங்களாலான மேலுறை. ஆய்வக வெப்பநிலையில் ஏழெட்டு மணி நேரத்தில் பணி முடியும். முடிந்ததும் தாய்ச்செல் வெடித்துச் சிதைகிறது. வித்து மட்டும் எஞ்சுகிறது.

வித்தின் வலிமை அதன் கெட்டியான ஓட்டில் இருக்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். ஓடு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் கொதிநீரிலிருந்து காப்பது முதன்மையாக ஓடன்று, உள்ளிருக்கும் வறட்சி. வளரும் பாக்டீரியாவின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். வித்தின் மையத்திலோ அது 25 முதல் 50 விழுக்காடுதான். தாய்ச்செல் டைபிகோலினிக் அமிலம் என்ற பொருளைத் தயாரித்து உள்ளே அனுப்புகிறது. அது கால்சியத்துடன் சேர்ந்து மையத்தை நிறைத்து, நீரை வெளியேற்றுகிறது. வித்தின் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதுவே. சுற்றியுள்ள புறணி மையம் மீண்டும் நீரேறி உப்பிவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

நீர் குறைந்தால் வெப்பம் ஏன் தோற்கிறது? கொதிநீர் செல்லைக் கொல்வது அதன் புரதங்களைக் குலைத்துத்தான். புரதம் ஒரு நீண்ட சங்கிலி. குறிப்பிட்ட வகையில் மடிந்திருக்கும்போதே வேலை செய்யும். வெப்பத்தில் அது அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவது இதனால்தான். ஆனால் அவிழ்வதற்கும் அசைவதற்கும் புரதத்தைச் சூழ நீர் வேண்டும். வித்தின் மையத்தில் புரதங்கள் அசைய இடமின்றி நெருக்குண்டு கிடக்கின்றன. அதே காரணத்தால் அங்கே வாழ்வின் வேலை எதுவும் நடப்பதுமில்லை. உயிரோடிருப்பதன் அடையாளங்களையெல்லாம் ஒத்திவைப்பதுதான் அது சாவுக்குக் கொடுக்கும் விலை.

உலர்தலைத் தாங்குவதில் வேறொரு காவலும் சேர்ந்துகொள்கிறது. உலர்ந்த நிலையில் வெப்பமும் புறஊதா ஒளியும் முக்கியமாகத் தாக்குவது மரபிழையை. வித்தினுள் சிறு புரதங்கள் அந்த இழையை மேலிருந்து கீழ்வரை போர்த்தி, அதன் திருகலையே சற்று மாற்றிவிடுகின்றன. இந்தப் புரதங்களை நீக்கிய பேசில்லஸ் வகைகளின் வித்துகள் உலர் வெப்பத்திலும் புறஊதா ஒளியிலும் எளிதில் மடிகின்றன.

கிருமிநாசினிகளின் கதை இதையொட்டியதே. மேசையைத் துடைக்க நாங்கள் பயன்படுத்தும் 70 விழுக்காடு ஆல்கஹால் சவ்வைக் கரைத்தும் புரதத்தைக் குலைத்தும் வேலை செய்வது. வித்தின் உட்சவ்வு ஏறத்தாழ உறைந்த நிலையில் இருப்பதால் எதையும் எளிதில் உள்ளே விடாது. ஆகவே ஆல்கஹால் வித்தைக் கொல்வதில்லை. மருத்துவமனைகளில் கடும் வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் நோயாளியைத் தொட்டவர்களைச் சோப்பும் நீரும் கொண்டு கைகழுவச் சொல்வதன் காரணம் இதுதான். சோப்பும் வித்தைக் கொல்வதில்லை. கையிலிருந்து கழுவி அகற்றுகிறது, அவ்வளவே. குளோரின் கரைசல் போதிய செறிவும் நேரமும் தந்தால் கொல்லும். 2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு கொல்லும். ஆனால் அதற்கு ஏறத்தாழ 10 மணி நேரம் ஊற வேண்டும். அவசரமாகத் துடைத்துவிட்டு நகர்பவருக்கு எதுவும் உதவாது.

இனி எங்கள் ஆட்டோகிளேவுக்கு வருகிறேன். அதைச் சோதிக்க வித்தையே சாட்சியாக அழைக்கலாம். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற வெப்பம் விரும்பும் பாக்டீரியாவின் பத்து இலட்சம் வித்துகளை அடைத்த சிறு குப்பிகள் கடையில் கிடைக்கின்றன. 121 டிகிரி நீராவியில் ஒவ்வொரு ஒன்றரை நிமிடத்துக்கும் இவற்றின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடத்தில் பத்து இலட்சம் ஒன்றாகிவிடும். பதினைந்து நிமிடத்தில், இத்தகைய பத்தாயிரம் குப்பிகளில் ஒன்றில் மட்டுமே ஒரு வித்து எஞ்ச வாய்ப்புண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தாலோ, அதே குறைவுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் தேவைப்படும். இந்தக் கணக்கை 100 டிகிரிக்கு நீட்டினால், வித்துகள் பத்தில் ஒன்றாகக் குறைவதற்கே மூன்று மணி நேரத்துக்குமேல் கொதிக்க வேண்டும்.

ஒரு குப்பியை மேலேயும் மற்றொன்றை அடியில், குடுவைகளின் நடுவேயும் வைத்தோம். மூன்றாவதை வெப்பமே காட்டாமல் வெளியே வைத்தோம். அதில் வளராவிட்டால் குப்பிகளே செத்தவை என்றாகும். பிறகு மூன்றையும் 56 டிகிரியில் வளரவிட்டோம். வித்து முளைத்தால் ஊதா நிறத் திரவம் மஞ்சளாகும். மறுநாள் வெளியே இருந்தது மஞ்சள். மேலே இருந்தது ஊதா. அடியில் இருந்தது மஞ்சள்.

காரணம் ஒரு வால்வு. எங்களுடையது நின்ற வாக்கிலான குக்கர் வகை ஆட்டோகிளேவ். முதல் சீற்றம் கேட்டதுமே வால்வை மூடிவிடும் பழக்கம், நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கு நிலைத்திருந்தது. அப்போது உள்ளே காற்று இன்னும் மிச்சமிருக்கும். நீராவியைவிடக் காற்று கனமானது; அடியில் தங்கிவிடும். அழுத்தமானிக்குக் காற்றும் நீராவியும் ஒன்றே. 15 பவுண்டு என்றுதான் காட்டும். ஆனால் காற்று முழுதும் வெளியேறியிருந்தால்தான் அந்த அழுத்தத்தில் 121 டிகிரி கிடைக்கும். பாதி வெளியேறியிருந்தால் ஏறத்தாழ 112 டிகிரிதான். மேற்சொன்ன கணக்கின்படி, 112 டிகிரியில் பதினைந்து நிமிடம் வெந்த பிறகும் பத்து இலட்சத்தில் ஐம்பதாயிரத்துக்குமேல் உயிரோடிருக்கும். எங்கள் ஊடகத்தில் மண்சாறு வேறு சேர்ப்போம். மண் என்றாலே வித்துக் களஞ்சியம். நாடாவின் கறுப்புக் கோடு வெப்பம் பட்டது என்பதை மட்டுமே சொல்லும், எதுவும் செத்தது என்று சொல்லாது. நீராவி தொடர்ந்து சீராக வெளியேறும்வரை பொறுத்து வால்வை மூடத் தொடங்கியதும், குடுவைகளை இடைவெளிவிட்டு அடுக்கியதும், அடியில் வைத்த குப்பி ஊதாவாகவே நின்றது. வெறும் தட்டுகளும் வெறுமையாயின. நம் வீடுகளில் ஆவி நன்றாக வந்த பிறகுதான் குக்கருக்கு வெயிட் போடுவார்கள். அதே விதிதான்.

தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மா, "அப்படியானால் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வீணா?" என்றார். வீணில்லை. காலரா, டைபாய்டு போன்றவற்றை நீர்வழியே பரப்பும் கிருமிகள் வித்து உருவாக்குவதில்லை. கொதிநீர் அவற்றுக்குப் போதும். வித்துகளைப் பற்றிய கவலை, கொதித்தபின் வைத்திருக்கும் உணவில்தான் தொடங்குகிறது.

ஏனெனில் வித்துக்கும் ஒரு பலவீனமான வேளை உண்டு. உணவின் அறிகுறி கிட்டியதும், சில அமினோ அமிலங்களை உணர்ந்தாலே போதும், அது விழித்துக்கொள்ளும். டைபிகோலினிக் அமிலத்தை வெளியேற்றும், புறணியைக் கரைக்கும், மையத்தில் நீர் புகும். நிமிடங்களில் அதன் காப்பெல்லாம் போய், சாதாரண பாக்டீரியாவாகிவிடும். 1877இல் ஜான் டின்டால் இந்த வேளையைப் பயன்படுத்தினார். வைக்கோல் ஊறிய நீர் மணிக்கணக்கில் கொதித்தும் கெட்டுப்போவதைக் கண்ட அவர், நீண்ட நேரம் ஒரேயடியாகக் கொதிக்கவைப்பதைவிட, இடைவெளிவிட்டுச் சிறுசிறு பொழுது மீண்டும் மீண்டும் சூடாக்குவது பயன்தரும் என்று காட்டினார். இடைவெளியில் முளைத்தவை அடுத்த சூட்டில் மடியும். வெறும் நீரில் இம்முறை பலிக்காது. முளைக்கத் தூண்டும் உணவு அதில் இல்லை.

சோற்றில் அந்த உணவு தாராளம். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் உலையில் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் அண்டாவில் கிடந்தால், அவை முளைத்துப் பெருகும். அவற்றுள் சில வகைகள் சுரக்கும் செரியுலைடு என்ற வாந்தி நஞ்சு 121 டிகிரியையும் தாங்கும். காலையில் அதையே தாளித்துச் சூடாக்கினால் பாக்டீரியா செத்திருக்கலாம், நஞ்சு அப்படியே இருக்கும். எனவே மிஞ்சிய சோற்றை மறுநாள் எவ்வளவு சூடாக்குகிறோம் என்பதைவிட, அன்றிரவே எவ்வளவு விரைவில் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தோம் என்பதுதான் கணக்கு.