இரவுக்கு ஒருவர்

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு என்பது வேலை நிற்கும் நேரமன்று. அத்தகைய ஆலையொன்றின் அலுவலகத்தில் நான் உத்தியோகம் பார்த்த காலத்தில், ஷிப்டு மாறியதும் சூப்பர்வைசர் உற்பத்திக் கணக்கை வாட்ஸப் குழுவில் போடுவார். அதைக் கண்ணுற்ற மேலாளர் ஏதேனும் கேட்பார். உடனே திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டிலும் வீட்டிலிருக்கும் கணக்குப் பிரிவினர், கேள்வி தங்களைச் சார்ந்ததன்று என்று அறிந்தும், ‘நோட்டட் சார்’ என்று ஒருவர் பின் ஒருவராகப் பதிலிடுவர்.

மேலாளர் கடுமையானவர் அல்லர். “இப்போதே பதில் வேண்டாம்” என்று அவரே பன்முறை எழுதியதுண்டு. ஆயினும் முந்திப் பதிலளித்தவரின் பெயர் எல்லார் கண்ணிலும் படுகையில், பேசாதிருப்பவரின் மௌனமும் கணக்கில் ஏறிவிடுகிறதே!

இரவுச் செய்திகளுக்கு விதிமுறை வகுக்கக் கூடியபோது எழுந்த முதல் ஆட்சேபம் நூல் லாரியைப் பற்றியது. அது நியாயமான ஆட்சேபமே. இச்சல்கரஞ்சிக்குப் போகும் லாரி நடுவழியில் பழுதாகிச் சரக்கு வேறு வண்டிக்கு மாறினால், இ-வே பில்லில் புது வண்டியின் எண்ணைப் பதியாமல் அது நகரக் கூடாது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற அந்தப் பில்லின் கெடுவையோ, முடிவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்க இயலும். ஆனால் இதற்கு வேண்டியவர் கடவுச்சொல் அறிந்த ஒரே ஒருவர். எனவே வாரம் ஒருவர் இரவுப் பொறுப்பு ஏற்பது என்றும், லாரி, விபத்து, தீ ஆகியவற்றுக்கு மட்டும் அவரைத் தொலைபேசியில் அழைப்பது என்றும், அழைப்பு வந்த மறுநாள் அவர் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்றும் முடிவாயிற்று.

ஷிப்டுக் கணக்குக்குத் தனிக் குழு அமைந்தது. அலுவலகக் குழுவில் மாலை ஏழு மணிக்கு மேல் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிடுவோம். நிர்வாகி குமாஸ்தா ஒருவரேயன்றி மேலாளர் அல்லர், ஏனெனில் மேலாளர் நிர்வாகியாக இருந்தால் பூட்டிய கதவுக்குள்ளிருந்தும் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இரவில் அவருக்குத் தோன்றுவன, காலை ஒன்பதரைக்குச் செல்லுமாறு நேரம் குறித்த மின்னஞ்சலாயின.

குழு அமைதியானதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. சில நாட்களில் அதே கேள்விகள் தனிப்பட்ட எண்களுக்குப் போகத் தொடங்கின. சாட்சியற்ற அந்த வற்புறுத்தல் முன்னதிலும் கொடிது. தனிச் செய்திக்கும் விதி பொருந்தும் என்று எழுதிச் சேர்த்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது.

வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்துப் பிரான்ஸில் 2017 முதல் நடைமுறையிலுள்ள சட்டமும் இன்ன மணி என்று விதிக்காமல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் ஊழியரோடு பேசித் தீர்மானிக்கும்படி விடுகிறது. அதே உரிமைக்காக நம் மக்களவையில் 2018இல் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

மாதந்தோறும் விற்பனைக் கணக்கை 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால், அதற்கு முந்தைய இரவுக்கு மட்டும் விலக்களித்தோம். அன்று யார் யார் தங்குவது என்பதை முதல் தேதியே பலகையில் எழுதிவிட வேண்டும், அதில் பெயரில்லாதவரை அழைக்கலாகாது.