காய்ந்த உதடுகளும் மென்மையான மிஸ்வாக்கும்

2012ஆம் ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியது. அன்று இம்மாவட்டத்தோடு இருந்த கடையநல்லூர் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு ரமலானில், மேலப்பாளையத்தில் எங்கள் உம்மாவும் காய்ச்சலில் விழுந்தார்கள். நோன்பை விட மனமின்றி, முதல் நாள் முழுதும் ஒரு சொட்டு நீரும் அருந்தவில்லை. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம் என்று மார்க்கம் தந்த சலுகையை எடுத்துச் சொல்லி, அவர்களை இணங்க வைக்க எங்களுக்கு மறுநாள் காலை வரை ஆயிற்று.

அதற்குள் உதடுகள் வெடித்திருந்தன. நாவின் மேல் தடித்த வெண்படலம் படிந்திருந்தது. உடற்சூட்டில் நீர் வற்றும்போது உமிழ்நீர் குறைகிறது. மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டால் இன்னும் காய்கிறது. உதட்டுத் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பிகளின் காவல் கிடையாது. ஆகவே அதுவே முதலில் வெடிக்கிறது. நாவால் நக்குவது சற்று நேரம் இதமளித்துப் பின் மேலும் வறட்டும். நாம் உண்ணும்போது உணவு உரசி நாவின் பழைய செல்களை அகற்றும். உண்ணாத நாட்களில் அவை கிருமிகளோடு சேர்ந்து படலமாகத் தங்கிவிடுகின்றன.

இதை அறியாமல் நாங்கள் ஒரு தவறு செய்தோம். படலத்தை நீக்குவதாக எண்ணி, நாவழிப்பானால் வழித்தோம். இரத்தம் கசிந்தது. டெங்குவில் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால், சிறு காயமும் ஆபத்தே. எங்களை மருத்துவர் கண்டித்து, வேறு வழி கற்றுத் தந்தார்.

ஒரு தம்ளர் இளஞ்சூடான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின்னும் உறங்குமுன்னும் கொப்பளித்துத் துப்பச் செய்ய வேண்டும். எழ இயலாதபோது, சுத்தமான மென்துணியை விரலில் சுற்றி, கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, ஈறுகளையும் கன்னத்தின் உட்புறத்தையும் நாவையும் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பொய்ப்பற்களைக் கழற்றிவிட வேண்டும். உதட்டில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவினால் போதும். எலுமிச்சைச் சாறு எரிச்சலைக் கூட்டும். உரிந்து தொங்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. உணவு மீண்டதும் படலம் தானே மறையும். ஒற்றியெடுத்ததும் அடியில் சிவந்த புண் தெரியும் வெண்திட்டுகளாயின், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெளியே ஈரமிட்டால் மட்டும் வறட்சி தீராது. உள்ளே நீர் செல்ல வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, நாளொன்றுக்குக் குறைந்தது ஐந்து தம்ளர் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாகத் தொடர வேண்டும். இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் அளவை மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

இரண்டாம் இரவு உம்மா அரைமயக்கத்தில் இருந்தார்கள். அன்பு மேலிட்ட மாமி ஒருவர், ஜம்ஜம் நீரைக் கரண்டியால் வாயில் ஊற்ற முனைந்தார். உம்மாவுக்கு இருமல் எடுத்தது. விழுங்காதவரின் வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குச் செல்லக்கூடும் என்று மாமியிடம் பணிவாகச் சொன்னோம். பக்கவாட்டில் படுக்க வைத்து, அந்நீரில் துணியை நனைத்து உதட்டை ஈரமாக்கினோம்.

அடுத்த காலை சூடு தணிந்ததும் நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் பத்து மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை. வயிற்றில் கடும் வலி. சூடு தணியும் அந்நாளே டெங்குவின் ஆபத்தான நாளாக அமையலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். நரம்பின் வழி திரவம் ஏற்றப்பட்டது. நான்காம் நாள் கஞ்சி கேட்டார்கள். நாவும் சிவந்து தெளிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், தலைசுற்றல், அசாதாரண மயக்கம் ஆகியவையும் அவ்வாறே தாமதிக்காமல் விரைய வேண்டிய அறிகுறிகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவைக் கூட்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நோயில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சியை மென்று மென்மையாக்கிக் கொடுத்த செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மென்மையாக்கித் தந்தார்கள் என்பதன் பொருள், உம்மாவின் வெடித்த உதட்டருகே அமர்ந்திருந்த இரவில்தான் எங்களுக்கு விளங்கியது.

நோயுற்ற நம் பெற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் நிறைவான சுகத்தைத் தருவானாக. ஆமீன்.