தவளக்குப்பத்தில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் வெட்டவெளியில் ஒரு கம்பை நட்டு நிழலைக் கவனித்தால், நிழல் மிகவும் குறுகும்போது கடிகாரம் பன்னிரண்டைக் காட்டுவது அரிது. பிப்ரவரி நடுவில் சுமார் 12.25, நவம்பர் தொடக்கத்தில் 11.54. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் வரும் ஏற்ற இறக்கம் இது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஆண்டுச் சராசரியில் உச்சிப்பொழுது 12.11க்குத்தான் வருகிறது. அந்த 11 நிமிடம் எங்கிருந்து வந்தது?

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். தவளக்குப்பம் கிழக்குத் தீர்க்கரேகை 79.8 பாகையில் இருக்கிறது. இந்திய நேரம் கணக்கிடப்படுவதோ 82.5 பாகையில். இடைப்பட்ட 2.7 பாகையை நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 11 நிமிடம்.

அந்த 82.5 பாகை பிற்காலத்து ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. கிரீன்விச்சைவிடப் பம்பாய் 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முந்தியிருந்தன. இரண்டுக்கும் நடுவில் 5 மணி 21 நிமிடத்தில் இருந்த சென்னை நேரத்தை ரயில்வே பொது நேரமாக எடுத்துக்கொண்டது. சென்னை வானியல் ஆய்வகத்தின் கணக்குக்கு நாடெங்கும் ரயில்கள் ஓடின.

1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீன்விச்சை உலகின் தொடக்கக் கோடாக ஏற்றது. 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்பது பொது அளவானது. இந்தியாவின் நடுப்பகுதி இரண்டு மண்டலங்களின் எல்லையில் விழுந்ததால், அந்த எல்லைக்கோட்டையே எடுத்து, 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரத்தைக் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி வைத்தார்கள். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தையும் விடவில்லை.

கிழக்கு மேற்காக இந்தியாவின் அகலம் 29 பாகை; ஏறக்குறைய 2 மணி நேரம். அதனால் வடகிழக்கில் பொழுது சீக்கிரமே விடிந்து, அலுவலகம் முடியுமுன் இருட்டிவிடுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்திய தனி நேரத்தைப் புழங்குகின்றன. 2018இல் தேசிய இயற்பியல் ஆய்வகம் வடகிழக்குக்கும் அந்தமானுக்கும் இரண்டாவது மண்டலம் கேட்டது, அரசு ஏற்கவில்லை. மண்டல எல்லையைக் கடக்கும் ரயில்களின் நேரத்தை மாற்றும்போது ஒரு பிழை நேர்ந்தாலும் விபத்தாகலாம் என்ற அச்சமும் உண்டு. 60 பாகைக்கு மேல் அகலமான சீனா 1949க்குப் பின் பெய்ஜிங் நேரம் ஒன்றையே வைத்திருப்பது நாட்டை ஒன்றாகக் காட்டும் அரசியல் முடிவு. ஆனாலும் ஷின்ஜியாங் மக்களில் பலர் 2 மணி நேரம் பிந்திய உள்ளூர் நேரத்தைப் பார்க்கிறார்கள்.

கோடு எங்கே என்பதைக் கணக்கு காட்டுகிறது. எத்தனை கோடு என்பதை அரசு முடிவு செய்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள்ளேயே சராசரி உச்சிப்பொழுது ஏனாமில் 12.01, மாஹேயில் 12.28. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒன்றுதான்.