இரண்டு சுவருக்கு நடுவில் வெளிச்சம்

ஏ9 வீதியோரம் காணிகள் துண்டாகத் துண்டாக, நாலந்தாவிலும் 12 அடி அகலம், 45 அடி நீளம் என்று வீடுகள் எழும்புகின்றன. இரு பக்கமும் அயல் வீட்டுச் சுவர். முன்னாலும் பின்னாலும் மட்டுமே ஜன்னல். பகலிலும் நடு அறையில் லைட் போட்டுத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958இல் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக ஒட்டி நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்து வருடங்களில் நான்கையும் வாங்கி ஒரே வீடாக்கினார். உள்ளே நீண்ட நடைவழி. அதன் ஓரத்தில் அங்கங்கே வானம் பார்த்த சின்னச் சின்ன முற்றங்கள். சுவரெல்லாம் வெள்ளை. அந்த வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நமது 12 அடிக்கு அந்தளவு இடமில்லை. ஆனால் 3க்கு 6 அடியில் ஒரு வெளிச்சக் கிணறு விடலாம். மேசன் பாஸ்மார் வழக்கமாக 6 அடியைச் சுவரோடு நீளவாக்கில் போடுவார்கள். வீடு கிழக்கு அல்லது மேற்குப் பார்த்தால் அது நட்டம். மார்கழியில் நடுப்பகல் சூரியன் நமக்கு உச்சியிலிருந்து 31 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். வடக்கு தெற்காக 3 அடிதான் இருந்தால் வெயில் 5 அடி ஆழத்தோடு நின்றுவிடும். 6 அடி இருந்தால் 10 அடி இறங்கும், அதாவது மேல் மாடி முழுக்க. ஆனியில் அதே கிணற்றில் 20 அடி கீழே தரைக்கே வெயில் வரும். ஆகவே 6 அடியை வீட்டின் குறுக்கே, வடக்குச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மார்கழி வெயில் அந்தச் சுவரில்தான் விழும். அதை வெள்ளையாக வைத்தால் கீழ் அறைக்கும் வெளிச்சம் தெறிக்கும். நடந்து போக எஞ்சிய 6 அடி போதும்.

மழைக்குப் பயந்து மேலே கண்ணாடியைப் போட்டு ஒட்டிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அதன்பின் அது கிணறல்ல, போறணை. சூடான காற்று மேலே ஏறிப் போக வழி வேண்டும். கண்ணாடியைச் சுவருக்கு ஒரு அடி மேலே காலில் நிறுத்தி, விளிம்பை வெளியே நீட்டி, நான்கு பக்கமும் நுளம்பு வலை அடித்தால் சாரலும் குறையும். கீழே முன்பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரவும் ஒரு கிராதி வேண்டும். இல்லாவிட்டால் மேலே திறந்தும் பயனில்லை. நடுப்பகலில் கிணற்றடியில் சாம்பிராணி பிடித்துப் பாருங்கள். புகை மேலே ஏறினால் வேலை செய்கிறது. அறைக்குள் திரும்பினால் எங்கோ அடைபட்டிருக்கிறது.

குளியலறைக் காற்றை மட்டும் இதில் விடாதீர்கள். மணம் மேல் அறைக்குத்தான் போகும். அதற்குத் தனியாக 2க்கு 2 அடியில் ஒரு குழாய்வழி விடுங்கள்.

மேலே மூடாமல் விடுவதென்றால், கிணற்றின் தரை வீட்டுத் தரையைவிட நான்கு அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர் ஓட 4 அங்குலக் குழாயைத் தரை கொங்கிரீட் போடுமுன்பே புதைக்க வேண்டும். பிறகு உடைப்பது பெரிய வேலை. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் நுளம்பும் வரும், அயல் வீட்டுச் சுவரில் ஈரமும் ஏறும். அந்தச் சண்டை வருடக்கணக்கில் ஓடும்.