அடுப்பிலிருந்து தொடங்கும் அட்டவணை

நாகர்கோவிலில் எங்கள் பேக்கரியில் இரண்டே பேர். அடுப்பு அக்காவுடையது, பேக்கிங், பில், இன்ஸ்டாகிராம் எல்லாம் என் பொறுப்பு. எந்த நாளில் எதைப் பதிவு போடுவது என்பதற்கு கூகுள் ஷீட்ஸில் அட்டவணை போடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து பிரிண்டிங் கடை அண்ணன்.

கணினியைத் திறக்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கிழமை எது சுடுவீங்க?" பதிவு போடும் நாளன்று பொருள் கடையில் இருக்காது, சுட்ட அன்றே படம் எடுத்தால்தான் உண்டு என்றார். அதனால் ஐந்தே தலைப்புகள்: போடும் தேதி, பொருள், படம் எடுக்கும் நாள், யார், நிலை. லைக் எண்ணிக்கை, ஹேஷ்டேக் எல்லாம் கூடாதாம். யாரும் பார்த்து வேலை செய்யாத கட்டம் சீக்கிரம் காலியாகிவிடும். ஒன்று காலியானால் மொத்த ஷீட்டையும் திறக்க மாட்டோம் என்பது அவர் கணிப்பு.

பிளம் கேக்கை வைத்துப் பழகினோம். ஆர்டர் தொடங்கும் அறிவிப்பு டிசம்பர் 1. கேக் சுடுவதோ 15-லிருந்துதான். அப்படியானால் அறிவிப்புக்குப் படம்? நவம்பர் 10 அன்று அக்கா திராட்சையும் செர்ரியும் ஊறப்போடுகிறார். அந்தக் கண்ணாடி ஜாடிதான் படம். எனவே A-யில் 1/12, C-யில் 10/11. கடைசி ஆர்டர் தேதியான 20-ஐ நினைவூட்டும் பதிவு 17-ல். அதற்கு 15-ஆம் தேதி முதல் ஈட்டை வெட்டும்போது படம்.

படம் எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாளே வரி சிவப்பாக, கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் இதை வைத்தார்:

```
=AND($C2<>"",$C2<=TODAY()+1,$E2="")
```

நிலையில் "எடுத்தாச்சு" என்று தேர்ந்தெடுத்ததும் சிவப்பு போய்விடும். அக்கா தொடுவது அந்த ஒரு கட்டத்தை மட்டும்தான். அதுவும் ட்ராப்டவுன், மாவுக் கையைத் துடைத்துவிட்டு போனில் ஒரு தட்டு.

இதில் வினை தேதியில்தான். ஷீட்டின் லொகேல் அமெரிக்காவில் இருந்தால் 10/11 அக்டோபர் 11 ஆகிவிடும். 15/12 தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நிற்கும், அந்த வரி சிவக்கவே சிவக்காது. கண்டுபிடிப்பது சுலபம். தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். File > Settings போய் Locale-ஐ India ஆக்கி, தேதிகளை மறுபடி அடிக்க வேண்டும். 10/11, 1/12 போன்றவை வலப்பக்கமே நின்று ஏமாற்றும் என்பதால், மாதம் எழுத்தில் தெரியும்படி தேதி வடிவத்தையும் மாற்றிக்கொண்டோம்.

திங்கள் கடை லீவு. அன்று டீ குடிக்கிற நேரத்தில் அடுத்த இரண்டு வாரத்தை மட்டும் நிரப்புகிறோம். அதற்கப்பால் முன்கூட்டியே எழுதுவது தீபாவளி, கிறிஸ்துமஸ் மாதிரிப் பண்டிகைகளை மட்டும்.

டிசம்பர் 21 முதல் 24 வரை எதையும் எழுதவில்லை. அப்போது அக்கா அடுப்பை விட்டு நகர முடியாது, எனக்கோ பெட்டி கட்டவே நேரம் போதாது. கேக் மிஞ்சினால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஷீட் தேவையில்லை.